குழியிலும் குகையிலும் சிக்கியவர்களை மீட்கும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரிடர்ப் படம் என்றால் சுனாமி, பூகம்பம் என்று பிரம்மாண்டமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு குழியை வைத்து எடுத்த படம் அதைவிடப் பதற வைக்கிறதே, ஏன்?

குழிக்கு அளவு உண்டு என்பதுதான் காரணம். சுனாமி வரும் படத்தில் அடுத்து எது இடியும், யார் அடித்துச் செல்லப்படுவார் என்று நாம் கணக்குப் போட முடியாது. கண்ணுக்கு விருந்து இருக்கும், மனம் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். குழிப் படத்திலோ முதல் இருபது நிமிடத்திலேயே ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உள்ளே யார், மேலே என்ன கருவி இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பார்வையாளரும் மீட்புக் குழுவில் ஓர் ஆள். 'கயிற்றை விடலாமே', 'பக்கத்தில் தோண்டலாமே' என்று நாம் ஒவ்வொரு வழியாக யோசிக்க, படம் அதே வழியை முயன்று பார்த்து, அது ஏன் நடக்காது என்று காட்டி அடைத்துவிடும். வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதில்தான் மூச்சு முட்டுகிறது.

இந்தப் பக்கத்தில் முக்கியமாக மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறோம். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுமியைப் பற்றிய 'அறம்' (2017), கொடைக்கானல் குணா குகையில் 2006-இல் விழுந்த ஒருவரை நண்பர்கள் மீட்டதை வைத்து எடுத்த மலையாளப் படமான 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024), தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் சிக்கிய சிறுவர்களின் மீட்பைச் சொல்லும் 'தர்ட்டீன் லைவ்ஸ்' (2022). மூன்றிலும் பிரச்சினை ஒன்றுதான்: உள்ளே ஆள் இருக்கிறார், வழி குறுகல், நேரம் ஓடுகிறது. ஆனால் மூன்றும் மெய்க்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பது வெவ்வேறு.

'அறம்' படத்தில் வருவதுபோல் ஒரு சிறுவனைத் தலைகீழாகக் கயிற்றில் இறக்கிக் குழந்தையை எடுக்க முடியுமா?

நம் ஊர்ப் போர்வெல்லில் பெரும்பாலும் முடியாது. தமிழ்நாட்டில் போடும் போர் பெரும்பாலும் நாலரை அங்குலம் அல்லது ஆறரை அங்குல விட்டம். இரண்டு வயதுக் குழந்தை இதில் விழக் காரணம், விழும்போது அதன் கைகள் மேலே தூக்கப்பட்டுத் தோள் சுருங்கிவிடுவதுதான். பள்ளி செல்லும் சிறுவனின் தோள் அப்படிச் சுருங்கினாலும் ஆறரை அங்குலத்துக்குள் அடங்காது. சற்று அகலமான குழியாக இருந்து ஒருவேளை நுழைந்துவிட்டாலும், அடுத்த பிரச்சினை உடலுக்குள். தலைகீழாகத் தொங்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை அழுத்தும், ஒவ்வொரு மூச்சையும் அந்த எடைக்கு எதிராக இழுக்க வேண்டியிருக்கும், தலையில் இரத்தம் தேங்கும். சுவர் நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் இது இன்னும் வேகமாக முற்றும். நடுவில் அவன் சிக்கினால், கீழே இருக்கும் குழந்தைக்கான காற்று வழியையும் அவன் உடலே அடைத்துவிடும். மீட்க வேண்டியவர் ஒருவர் என்பது இருவராகும்.

இப்படிச் சொல்வதால் அந்தக் காட்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்று படமே சொல்கிறது. அதை எடுத்ததற்காக மாவட்ட ஆட்சியர் விசாரணையில் உட்கார்ந்து பதில் சொல்வதுதான் படத்தின் சட்டகம். அதிகாரம் யாரிடம், பொறுப்பு யாரிடம் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட மீட்புப் படம் தமிழில் வேறில்லை. அறிவியலைவிட நிர்வாகம் அதில் மிகச் சரியாக வந்திருக்கிறது.

குழந்தையின் கையில் சுருக்கு மாட்டி மெதுவாக இழுத்தால் என்ன? அது எளிய வழியாகத் தெரிகிறதே.

எளிது என்பதால்தான் எல்லா இடத்திலும் முதலில் அதையே முயல்கிறார்கள். சில நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் பலிக்காதபோது நிலைமை முன்னைவிட மோசமாகிவிடும்.

திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 மாலை இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, முதலில் சுமார் 26 அடியில்தான் நின்றிருந்தது. கேமராவில் கை தெரிந்தது, கையில் கயிறு மாட்டும் முயற்சிகள் நடந்தன. ஆனால் குழந்தை படிப்படியாகக் கீழே நழுவி 88 அடிக்குப் போய்விட்டது. அக்டோபர் 29 அதிகாலை உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

நழுவுவதற்குக் காரணங்கள் உண்டு. குழந்தை அந்த ஆழத்தில் நிற்பது உடலுக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வால் மட்டுமே. அதன் காலுக்குக் கீழே வெறும் குழி. கேசிங் பைப் மண் பகுதி வரைதான் இறக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே செதுக்கிய பாறைச் சுவர், பல இடங்களில் ஈரம். கயிற்றை ஒருமுறை இழுத்து அது நழுவினால், இழுத்த தூரத்துக்கு மேல் உடல் கீழே இறங்கும். பக்கத்தில் ரிக் வண்டியோ ஜேசிபியோ ஓடினால் அதிர்வில் பிடிமானம் இன்னும் குறையும். ஆகவே பயிற்சி பெற்ற குழு மேலே இழுப்பதற்கு முன் கீழே போவதைத் தடுக்கப் பார்க்கும். குழந்தைக்கு அடியில் போய் விரிகிற கருவியைச் செலுத்துவது, அல்லது குறைந்தது இரண்டு கைகளிலும் பிடி கிடைத்த பிறகு இழுப்பது. ஒரு கைப் பிடியை மட்டும் நம்பி இழுப்பதில் தோள் விலகும் ஆபத்தும் இருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு குழி தோண்டுவதற்கு ஏன் நாள் கணக்கில் ஆகிறது? படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் தோண்டிவிடுகிறார்கள்.

இணைக்குழி முறையில் வேலை இரண்டு பகுதி. முதலில் போர்வெல்லிலிருந்து சில அடி தள்ளி, ஆள் நின்று வேலை செய்யும் அகலத்தில், குழந்தை இருக்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே வரை செங்குத்தாகத் தோண்ட வேண்டும். பிறகு அங்கிருந்து படுக்கைவாட்டில் ஒரு சுரங்கம் வெட்டிக் குழந்தையைக் கீழிருந்து நெருங்க வேண்டும்.

மண்ணாக இருந்தால் சுவர் சரியும், இரும்புக் குழாயோ பலகையோ இறக்கித் தாங்க வேண்டும். பாறையாக இருந்தால் சரியாது, ஆனால் நகராது. நடுக்காட்டுப்பட்டியில் ஒரு மீட்டர் விட்டத்துக்குத் துளையிடும் பெரிய ரிக் கொண்டுவந்தும் கடும் பாறையில் வேலை மணிக்கு ஓரிரு அடி என்ற கணக்கில் ஊர்ந்தது. ஆறங்குலத் துளையோடு ஒப்பிட்டால் ஒரு மீட்டர் துளையில் உடைக்க வேண்டிய பாறை நாற்பது மடங்குக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வெடி வைக்க முடியாது. கடைசிச் சில அடிகளில் எந்திரமும் கூடாது, அதிர்வு நேராகக் குழந்தையிடம் போகும். அங்கே கைக்கருவிதான்.

சத்தீஸ்கரின் ஜாஞ்ச்கீர்-சாம்பா மாவட்டத்தில் 2022 ஜூனில் சிறுவன் ஒருவன் விழுந்தபோது இதே முறைதான் கையாளப்பட்டது. பாறை குறுக்கே வந்து வேலை 100 மணி நேரத்தைத் தாண்டியது. ஆனால் அந்தச் சிறுவன் உயிரோடு வந்தான். அவன் நழுவிப் போகாமல் ஓரிடத்தில் நின்றதும், உணவும் காற்றும் மேலிருந்து போய்க்கொண்டே இருந்ததும் பெரிய வித்தியாசம்.

எந்திரம் தோற்ற இடத்தில் கை வென்றதற்கு இன்னொரு சான்று உத்தராகண்டின் சில்க்யாரா. 2023 நவம்பர் 12-இல் சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் சிக்கினார்கள். இடிபாட்டைத் துளைத்துக் குழாய் செலுத்திய எந்திரம் கடைசிச் சுமார் 12 மீட்டர் இருக்கும்போது இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. மிச்சத்தை 'எலி வளை' முறையில் நிலக்கரி தோண்டிப் பழகியவர்கள் குழாய்க்குள் தவழ்ந்துபோய்க் கையால் தோண்டி, 17-ஆம் நாள் முடித்தார்கள். படங்களில் பெரிய எந்திரம் வந்து இறங்கும்போது பின்னணி இசை உயரும். மெய்யான மீட்பில் நெஞ்சு படபடக்கும் நேரம் அந்த எந்திரத்தை நிறுத்திய பிறகுதான் வருகிறது.

குணா குகையில் அவ்வளவு ஆழத்தில் விழுந்தவர் உயிரோடு இருப்பது நம்பும்படியாக இல்லையே?

தடையில்லாமல் விழுந்திருந்தால் நம்பத்தான் முடியாது. 100 அடி என்று வைத்துக்கொண்டால், நேராக விழும் உடல் அடியைத் தொடும்போது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆனால் அந்தக் குகை கிணறு போன்ற நேர்க்குழி இல்லை. பாறை இடுக்கு. சாய்வும் வளைவும் திட்டுகளும் உள்ளது. சுவரில் உரசி, மோதி, சறுக்கி விழும்போது வேகம் இடையிடையே உடைகிறது. அதற்கு விலை தோலும் எலும்பும். மீட்கப்பட்டவர் உடல் முழுக்கக் காயங்களோடு வருவதாகப் படம் காட்டுவது அதனால் சரி. ஆழ இடுக்குகளில் விழுந்து பிழைத்தவர்கள் பெரும்பாலும் இப்படிச் சறுக்கி விழுந்தவர்கள்தான்.

அந்தப் படத்தில் மழைநீரைத் தடுக்க நண்பர்கள் படும் பாடு கொஞ்சம் மிகையாகத் தோன்றியது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனால் என்ன?

மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தால், அறிவியல்படி மிகச் சரியான காட்சிகளில் அது ஒன்று. பத்து மில்லிமீட்டர் மழை என்பது சாதாரண மழை. குகை வாயை நோக்கிச் சரிந்திருக்கும் நிலம் வெறும் ஆயிரம் சதுர மீட்டர் என்று கொண்டால், மண்ணில் ஊறியது போக மிஞ்சியதெல்லாம் அந்த வாய்க்குத்தான் வரும். அந்த நிலத்தில் விழுவது மொத்தம் பத்தாயிரம் லிட்டர், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. அது சேறும் கல்லும் சேர்ந்து, கீழே ஒரு திட்டில் அசையாமல் கிடப்பவர்மேல் விழுகிறது. மூழ்குவது ஒரு பயம். அதைவிட முந்திக்கொள்வது குளிர். கொடைக்கானல் உயரத்தில் நனைந்த உடல் மிக விரைவாகச் சூட்டை இழக்கும், நடுக்கம் நின்று மயக்கம் தொடங்கும். அதன் பிறகு அவரால் கயிற்றைப் பிடிக்க முடியாது, கூப்பிட்டால் பதில் சொல்லவும் முடியாது.

தாம் லுவாங்கிலும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. உலகம் பார்த்தது முக்குளிப்பவர்களை. ஆனால் குகைக்கு மேலே மலையில் ஒரு குழு, நீர் உள்ளே இறங்கும் துளைகளைத் தேடித்தேடி, ஓடைகளை மணல் மூட்டையாலும் குழாயாலும் திசைதிருப்பிக்கொண்டிருந்தது. வாயில் பக்கம் பம்புகள் இரவும் பகலும் ஓடின. இறைத்த நீர் விளைநிலத்தில் பாய்வதற்கு விவசாயிகள் ஒப்புக்கொண்டார்கள், அவர்களுடைய நெல் அழிந்தது. 'தர்ட்டீன் லைவ்ஸ்' இந்த வேலைக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறது. மீட்புப் படம் ஒன்று வயல் வரப்பில் நடந்த பேச்சையும் காட்டுவது அரிது. அந்தப் படத்தின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணம் அதுதான்.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, நண்பனைத் தன்னோடு கட்டிக்கொண்டு, மேலே இருப்பவர்கள் கயிறு இழுக்கும் போட்டிபோல் இழுப்பது சாத்தியமா?

சாத்தியம், ஆனால் அதற்கு ஆகும் பலம் பார்ப்பதைவிட மிக அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இருவர் எடை, நனைந்த உடை, சேறு எல்லாம் சேர்த்து 145 கிலோ என்று வைப்போம். கயிறு நேராகத் தொங்கினால் 145 கிலோ இழுத்தால் போதும். ஆனால் கயிறு குகை வாயில் பாறை விளிம்பில் செங்கோணமாக மடங்கித்தான் மேலே இருப்பவர் கைக்கு வருகிறது. ஈரப் பாறையில் அந்த ஒரு மடிப்பின் உராய்வே சுமையை ஏறத்தாழ 1.6 மடங்காக்கும், அதாவது சுமார் 230 கிலோ. உள்ளே இன்னொரு திட்டில் அதேபோல் மடங்கினால் 370 கிலோவுக்கு மேல். வழுக்கும் தரையில் நின்று ஒருவர் தொடர்ந்து இழுக்கக்கூடியது சுமார் 20 கிலோதான். ஒரு மடிப்புக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு மடிப்புக்குப் பத்தொன்பது பேர். ஆகவே நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து முழு மூச்சோடு இழுத்து, அங்குலம் அங்குலமாக மேலே கொண்டுவருவது கணக்குக்கு ஒத்துவருகிறது.

பயிற்சி பெற்ற குழு இதே வேலையை வேறுவிதமாகச் செய்யும். விளிம்பில் ஓர் உருளையோ, குறைந்தது மடித்த சாக்கோ வைத்து உராய்வைக் குறைக்கும். அதனால் கயிறு அறுபடுவதும் தடுக்கப்படும். பிறகு கப்பிகள் வைத்து மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுமையைப் பிரிக்கும். ஏட்டுக் கணக்கில் ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் கீழ் என்று வரும், கப்பி உராய்வு சேர்த்து அறுபது, எழுபது. நான்கு பேர் போதும். மூன்று மீட்டர் கயிறு இழுத்தால் ஆள் ஒரு மீட்டர்தான் ஏறுவார், ஆனால் ஆட்டமில்லாமல் ஏறுவார். இதைவிட முக்கியமான ஒன்று, கயிறு பின்னோக்கி ஓடாமல் பிடித்துக்கொள்ளும் முடிச்சு. மெல்லிய கயிற்றால் முதன்மைக் கயிற்றைச் சுற்றிப் போடும் ப்ரூசிக் முடிச்சு சுமை வந்தவுடன் தானாக இறுகும். இழுப்பவர்களில் இருவர் வழுக்கி விழுந்தாலும் தொங்குபவர் விழமாட்டார். படத்தில் நம் உள்ளங்கை வியர்ப்பது இந்த முடிச்சு இல்லாததால்தான். இழுப்பதை நிறுத்தி மூச்சு வாங்க அவர்களுக்கு வழியே இல்லை.

இடுப்பில் மட்டும் கட்டுவது வேறு கதை. சுமை முழுவதும் விலாவுக்குக் கீழே இறுக்கி மூச்சை அடக்கும், மயங்கினால் உடல் தலைகீழாகச் சாயும். தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் பட்டை வேண்டும். அதிலும் அசையாமல் செங்குத்தாகத் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கி பத்து நிமிடத்திலேயே சிலருக்கு மயக்கம் வரலாம். எனவே தொங்குபவர் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலே வந்தவுடன் படுக்க வைக்க வேண்டும். உட்கார வைக்கச் சொன்ன பழைய அறிவுரை இப்போது கைவிடப்பட்டுவிட்டது.

"உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்று எல்லாப் படத்திலும் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நேரத்தில் தீரும்?

அசையாமல் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறார். தாம் லுவாங்கில் இருந்ததுபோல் 13 பேர் என்றால் நாளொன்றுக்கு 4,700 லிட்டர், அதாவது 4.7 கன மீட்டர். எடுத்துக்காட்டாக, முழுதும் அடைபட்ட ஓர் அறை 1,000 கன மீட்டர் கொள்ளளவு என்று வைத்தால், 21 சதவீத ஆக்சிஜன் 15-க்கு இறங்க 60 கன மீட்டர் செலவாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் பிடிக்கும். தாம் லுவாங்கில் 15 சதவீதம் என்ற அளவு பதிவானதும், மழைக்காலம் முடியக் காத்திருக்கலாம் என்ற யோசனையைக் கைவிட அது ஒரு காரணமானதும் உண்மை.

படங்கள் சொல்லாமல் விடுவது மறுபாதியை. செலவாகும் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ ஈடாகக் கரியமில வாயு சேர்கிறது. மூடிய அறையில் ஆக்சிஜன் 15-க்கு வரும்போது கரியமில வாயு ஐந்து சதவீதத்தை நெருங்கியிருக்கும். ஆக்சிஜன் குறைவை உடல் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு மந்தமாகும். மூச்சு வாங்குவதும், தலை வெடிப்பதும், பதற்றமும் கரியமில வாயுவால். ஆகவே படத்தில் சிக்கியவர் மூச்சுக்குத் திணறித் தவிப்பதாகக் காட்டினால் அது கரியமில வாயுவின் வேலை. ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால் அவர் தூங்கி வழிந்திருப்பார்.

இதில் நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று உண்டு. பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் காற்று கெட்டிருப்பதற்கு ஆள் சிக்கியிருக்கவே தேவையில்லை. அழுகும் பொருளே அதைச் செய்துவிடும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவர் அடுத்து விழ, அவரைப் பார்த்து மூன்றாமவர் இறங்கும் செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரியும், மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். துணிந்து குதிக்கும் நாயகனைக் கொண்டாடும் காட்சிகளில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். காற்றை அளக்காமல் இறங்குவது எந்தப் படத்திலும் தவறாகக் காட்டப்படுவதில்லை.

'தர்ட்டீன் லைவ்ஸ்' படத்தில் சிறுவர்களுக்கு மயக்க ஊசி போட்டு, கையைக் கட்டி, நீருக்குள் இழுத்து வருகிறார்கள். இது சினிமாவுக்காகச் சேர்த்ததா?

இல்லை, அப்படியே நடந்தது. அந்தப் படத்தில் நம்பவே முடியாததாகத் தோன்றும் பகுதிதான் முழுக்க மெய்.

2018 ஜூன் 23-இல் 12 சிறுவர்களும் பயிற்றுநரும் உள்ளே மாட்டினார்கள். ஜூலை 2-இல் இரண்டு பிரிட்டிஷ் குகை முக்குளிப்பவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். வெளியே வரும் வழி, கலங்கல் நீரில் கையைத் தடவித் தடவிப் போக வேண்டிய குறுகல்கள். பழகாத ஒருவர் அங்கே பதறினால் முகமூடியைப் பிடுங்குவார், தானும் மூழ்கிக் கூட வருபவரையும் மூழ்கடிப்பார். சிலிண்டர் வைக்கப் போய்த் திரும்பிய தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவரே உள்ளே இறந்துவிட்டார். எனவே பதறுவதற்கு வாய்ப்பே இல்லாமல் செய்வதுதான் வழி என்று முடிவானது.

ஆஸ்திரேலிய மயக்க மருத்துவரும் குகை முக்குளிப்பவருமான ரிச்சர்ட் ஹாரிஸ் மூன்று மருந்துகளைப் பயன்படுத்தினார். முதலில் பதற்றம் குறைக்க அல்பிரசோலம் மாத்திரை. பிறகு தொடைத் தசையில் கெட்டமின் ஊசி. இதைத் தேர்ந்ததற்குக் காரணம், மற்ற மயக்க மருந்துகள்போல் இது மூச்சு விடும் உந்துதலை எளிதில் அடக்குவதில்லை. ஆனால் எச்சிலைப் பெருக்கும், முகமூடிக்குள் எச்சில் தேங்கினால் அதிலேயே மூச்சு அடைக்கலாம். அதைக் குறைக்க அட்ரோபின். கெட்டமினின் பிடி பாதி வழியிலேயே தளரும் என்பதால், மருத்துவர் அல்லாத முக்குளிப்பவர்களுக்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்து, தேவைப்படும்போது போடச் சொன்னார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டன, பாதி விழிப்பில் முகமூடியைத் தட்டிவிடாமல் இருக்க. முகமூடி முழு முகத்தையும் மூடும் வகை. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டது. சிறிய முகத்தில் சரியாகப் பொருந்தாமல் கசிந்தாலும் காற்று வெளியே போகும், நீர் உள்ளே வராது. ஜூலை 8, 9, 10 என மூன்று நாளில் நான்கு, நான்கு, ஐந்து பேராக எல்லோரும் வந்தார்கள்.

படம் விட்டுக்கொடுத்தது வெளிச்சத்தில்தான். உண்மை நீரில் எதுவும் தெரியாது. அப்படியே எடுத்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். நாம் பார்ப்பதற்காக நீரைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். நியாயமான சமரசம்.

கூண்டு இறக்கி ஒவ்வொருவராகத் தூக்குவதைச் சுரங்கப் படங்களில் காட்டுகிறார்கள். அதை எல்லா இடத்திலும் செய்யலாமே?

அது சுரங்கத்துக்கான வழி. மேற்கு வங்கம் ராணிகஞ்ச் பகுதியின் மகாபீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் ஜஸ்வந்த் சிங் கில் எஃகுக் கூண்டில் தானே முதலில் இறங்கி 65 பேரை ஏற்றி அனுப்பினார். 2010-இல் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் 69 நாளுக்குப் பின், 54 சென்டிமீட்டர் அகலக் கூண்டில் வந்தார்கள். இரண்டையும் வைத்துப் படங்கள் உண்டு. இரண்டு இடத்திலும் சிக்கியவர்கள் விழித்திருந்தார்கள், தாங்களே ஏறி நிற்க முடிந்தது, துளை வந்து சேரும் இடத்தில் ஒதுங்கி நிற்க இடமிருந்தது. போர்வெல் குழந்தைக்கு இந்த மூன்றும் இல்லை.

எங்கள் கண் முன்னே ஒரு குழந்தை போர்வெல்லில் விழுந்தால் மீட்புக் குழு வரும்வரை என்ன செய்வது?

112 அல்லது 101-க்கு உடனே சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. 'போர்வெல்' என்ற சொல்லையும் குழியின் அகலத்தையும் முதலிலேயே சொன்னால் வருபவர்கள் சரியான கருவியோடு வருவார்கள். வாயைச் சுற்றிப் பலகை போட்டு அதன்மேல் மட்டும் நில்லுங்கள், விளிம்பு மண் உதிர்ந்து குழந்தை முகத்தில் விழக்கூடாது. கூட்டத்தையும் வண்டிகளையும் தள்ளி நிறுத்துங்கள். ஜேசிபி தானாக வந்தாலும் தோண்ட விடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கயிற்றைத் தொங்கவிட்டுத் துழாவாதீர்கள். தாயோ தந்தையோ தெரிந்த குரலில் பேசிக்கொண்டே இருக்கட்டும். அழுகைச் சத்தம் கேட்கிறதா, நின்றதா, எந்த நேரத்தில் என்பதைக் குறித்து வையுங்கள். போர் போட்டவரைத் தேடிப் பிடித்து, கேசிங் எத்தனை அடி, பாறை எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எத்தனை அடியில் என்று கேளுங்கள். மீட்புக் குழு வந்ததும் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.

கைவிட்ட போரை மூட வாயில் ஒரு சாக்கையோ கல்லையோ வைத்தால் போதாதா?

போதாது. சாக்கு ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும், கல்லைக் குழந்தையே நகர்த்திவிடும். 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, கைவிட்ட குழியை அடியிலிருந்து நிலமட்டம் வரை களிமண், மணல், கல், துளையிட்டபோது வந்த துகள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் கிணறு என்றால் கேசிங் பைப்பைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை வேண்டும், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். பைப்பின் வாய்க்கு இரும்புத் தகட்டைப் பற்றவைத்தோ, நட்டும் போல்ட்டும் முடுக்கியோ மூடி போட வேண்டும். பழுதுபார்க்க மோட்டாரை வெளியே எடுத்த நாட்களிலும் வாய் திறந்து கிடக்கக்கூடாது. மேலே மட்டும் மண்ணைத் தள்ளி மூடிய குழியில், மண் சில அடியில் சிக்கி நின்றுவிட்டு, நீர் இறங்கும்போது ஒருநாள் மொத்தமாக உள்வாங்கும். ஆகவே நிரப்பும்போது பெரிய கல்லை முதலில் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, எடை கட்டிய நூலை இறக்கி மட்டம் உயர்கிறதா என்று அளந்துகொண்டே வர வேண்டும். முதல் மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.